பிரிண்டரை மலிவாகக் கொடுத்து மையில் எடுக்கும் விலைமுறை: கணக்கு எங்கே திரும்புகிறது?

3 ஜூன், காலை 10.40, தாலுகாசாலை

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே சிறிய ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுக்கும் இயந்திரம் தனி. சாதிச் சான்றிதழ், பட்டா, ரேஷன் அட்டை விண்ணப்பம் போன்றவற்றை இணையத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் வைத்திருக்கிறேன். அதை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். கறுப்பு கார்ட்ரிட்ஜ் 850 ரூபாய், வண்ண கார்ட்ரிட்ஜ் 1,150 ரூபாய். பிரிண்டர் பெட்டிக்குள்ளேயே இரண்டு கார்ட்ரிட்ஜும் இருந்தன என்பதால், இயந்திரத்துக்கு மட்டும் 1,500 ரூபாய்தான் விலை என்று ஆகிறது. மோட்டாரும் ஸ்கேனரும் மின்சுற்றும் கொண்ட ஒரு பொருளை அந்த விலைக்கு யாரும் செய்து விற்க முடியாது. நிறுவனம் பிரிண்டரில் நட்டப்பட்டு மையில் இலாபம் எடுக்கிறது என்பது வெளிப்படை.

அப்படியென்றால் நட்டத்தில் விற்கும் பொருளை மட்டும் வாங்கிக்கொண்டு, இலாபம் வைத்து விற்கும் பொருளை வாங்காமல் விடுவதுதானே நமக்கு ஆதாயம்? மை தீரும்போதெல்லாம் புது பிரிண்டர் வாங்கி, பழையதை ஆயிரம் ரூபாய்க்குக் கைமாற்றிவிட்டால் நாம் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறேன். இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

3 ஜூன், மதியம் 1.15, மைத்துளி

நான் பிரிண்டர் பழுது பார்க்கும் தொழிலில் இருப்பவன். நீங்கள் சொல்லும் வழியை என் வாடிக்கையாளர் சிலர் முயன்றிருக்கிறார்கள். அது பலிக்காததற்குக் காரணம் பெட்டியோடு வரும் கார்ட்ரிட்ஜ்தான். பல மாடல்களில் அது கடையில் தனியாக விற்கும் கார்ட்ரிட்ஜ் அல்ல; வெளித்தோற்றம் ஒன்றாகவே இருக்கும், உள்ளே மை குறைவாக நிரப்பப்பட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் தபால் தராசு போன்ற ஒன்றில் இரண்டையும் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத எடை வேறுபாடு தராசில் தெரியும். பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் 'செட்டப்' அல்லது 'ஸ்டார்ட்டர்' என்று இருந்தால் தராசும் தேவையில்லை.

உங்கள் பிரிண்டரில் முதல் கறுப்பு கார்ட்ரிட்ஜ் தீர்ந்தபோது எத்தனை பக்கம் ஓடியிருந்தது என்று நிலை அறிக்கையை அச்சிட்டுப் பார்த்தீர்களா?

3 ஜூன், மாலை 6.05, தாலுகாசாலை

பார்த்தேன். பிரிண்டர் வாங்கிய புதிதில் எடுத்த அறிக்கைத் தாள் ஒன்று கோப்பில் இருந்தது. முதல் கறுப்பு கார்ட்ரிட்ஜ் மங்கத் தொடங்கிய நாளில் எடுத்தது. மொத்தப் பக்கம் 118 என்று அதில் இருக்கிறது. கடையில் தனியாக வாங்கும் கறுப்பு கார்ட்ரிட்ஜின் உறையில் 190 பக்கம் என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

ஆகவே என் கணக்கு இப்படி மாறுகிறது. பிரிண்டரை 3,500க்கு வாங்கி, ஆயிரத்துக்குக் கைமாற்றினால் என் கையிலிருந்து போவது 2,500. அதற்குக் கிடைப்பது 118 கறுப்புப் பக்கமும் கொஞ்சம் வண்ணமும். அதே இடத்தில் 2,000 ரூபாய் கொடுத்து இரண்டு கார்ட்ரிட்ஜையும் தனியாக வாங்கினால் 190 கறுப்புப் பக்கமும் முழு வண்ண கார்ட்ரிட்ஜும் கிடைக்கின்றன. நான் சொன்ன வழியை அடைத்துவிட்டுத்தான் பிரிண்டருக்கு விலை வைத்திருக்கிறார்கள் என்பது தெளிவாகிறது. ஆனால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ நான்கரை ரூபாய் மைச் செலவு என்பது, பக்கத்துக்குப் பத்து ரூபாய் வாங்கும் கடையில் கையைக் கடிக்கிறது. காகிதம், மின்சாரம், வாடகை எல்லாம் மீதியிலிருந்துதான் வர வேண்டும்.

3 ஜூன், இரவு 9.30, வணிகவியல்ஆசிரியர்

இது புதிய தந்திரம் அல்ல. மேல்நிலை வகுப்பில் நான் ஆண்டுதோறும் சொல்லும் எடுத்துக்காட்டு ஜில்லெட். கிங் ஜில்லெட் சவரக் கருவியை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்து, பிளேடை விற்றுப் பெரும்பணம் சேர்த்தார். பிரிண்டர் நிறுவனங்கள் அந்த வழியில்தான் போகின்றன. இதில் வாடிக்கையாளர் செய்யக்கூடியது எதுவும் இல்லை. கைப்பிடி ஒருவருடையது என்றால் பிளேடும் அவருடையதுதான்.

4 ஜூன், காலை 7.20, மைத்துளி

ஆசிரியர் ஐயா, ஜில்லெட் கதையின் முதற்பாதி வேறு மாதிரி நடந்தது. அவருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது 1904 நவம்பரில். அந்தக் காப்புரிமை இருந்த காலம் முழுவதும் அவருடைய சவரக் கருவி ஐந்து டாலருக்கு விற்றது. அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு அது சிறிய தொகை அல்ல. பிளேடை வேறு யாரும் செய்ய முடியாதபடி சட்டக் காவல் இருந்த ஆண்டுகளில்தான் கருவியை மலிவாகக் கொடுத்துப் பிளேடில் எடுப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். அந்த ஆண்டுகளில் அவர் அதைச் செய்யவில்லை. 1921இல் காப்புரிமை முடிந்தபோதுதான் பழைய மாதிரிக் கருவியை ஒரு டாலர் அளவுக்கு இறக்கினார். புதிய மாதிரியை ஐந்து டாலருக்கு வைத்தார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 'பிளேடும் அவருடையதுதான்' என்று நீங்கள் எழுதிய வரியில்தான் முழு விஷயமும் இருக்கிறது. கைப்பிடி மலிவாக இருப்பது இந்த முறையின் உயிர் அல்ல. அந்தக் கைப்பிடியில் வேறொருவரின் பிளேடு பொருந்தாமல் இருப்பதுதான் உயிர். பொருந்திவிட்டால் கைப்பிடியில் விட்ட பணத்தைப் பக்கத்துக் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பிரிண்டர் தொழிலில் நாங்கள் அன்றாடம் பார்ப்பது அந்தப் பொருத்தத்தைக் காக்கும் போராட்டத்தைத்தான்.

4 ஜூன், காலை 11.50, வணிகவியல்ஆசிரியர்

ஐந்து டாலர் என்பது எனக்குப் புதிய செய்தி. பாடநூல் விளக்கங்களில் இலவசம் என்ற சொல் பலமுறை வந்து பதிந்துவிட்டது. ஆயினும் 1921க்குப் பிறகு அவர் செய்தது நாம் பேசும் முறைதானே? காப்புரிமை போன பிறகும் இலாபம் வந்தது என்றால், பொருத்தம்தான் உயிர் என்ற உங்கள் வாதத்துக்கு அது எதிராக நிற்கிறது.

4 ஜூன், பிற்பகல் 3.10, மைத்துளி

நல்ல கேள்வி. என்னிடம் முழு விடை இல்லை. பெயரும் தரமும் அவரைக் காத்திருக்கலாம். பிளேடு மட்டமாக இருந்தால் முகம் உடனே சொல்லிவிடும் என்பதால் வாங்குபவர் தெரிந்த பெயரையே தேடியிருக்கலாம். மைக்கு அந்தக் காவல் மிகக் குறைவு. விண்ணப்பத் தாளில் எழுத்து கறுப்பாக விழுந்தால் போதும், எந்த மை என்று தாசில்தார் அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை. அதனால்தான் வேறொருவரின் கார்ட்ரிட்ஜைப் பிரிண்டர் ஏற்காமல் இருக்கச் சிப் வைக்க வேண்டியிருந்தது.

4 ஜூன், இரவு 8.45, கைபேசிநிரலர்

தலைப்பைப் பார்த்து உள்ளே வந்தேன். இலவசச் செயலி கொடுத்துவிட்டுப் பிறகு சந்தா கேட்கும் முறையைத்தானே பேசுகிறீர்கள்? நான் கணக்கெழுதும் செயலி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். இலவசப் பதிப்பில் எவ்வளவு கொடுக்கலாம், எந்த இடத்தில் நிறுத்தலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். பயன்படுத்துபவர்களை முதலில் கட்டிப்போட வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

5 ஜூன், காலை 6.55, மைத்துளி

தம்பி, நீங்கள் கேட்பது பக்கத்து வீட்டு விஷயம். இரண்டுக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பிரிண்டரை அடக்க விலைக்குக் கீழே விற்ற நிறுவனத்துக்கு, மை வாங்காத ஒவ்வொரு வாடிக்கையாளரும் கைநட்டம். 2024 ஜனவரியில் எச்.பி. நிறுவனத்தின் அப்போதைய தலைவர் என்ரிக் லோரெஸ் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் இதை மறைக்காமல் சொன்னார்: பிரிண்டர் வாங்கும் ஒவ்வொருவர் மீதும் நிறுவனம் முதலீடு செய்கிறது, அவர் போதுமான அளவு அச்சிடாவிட்டாலோ நிறுவனத்தின் மையை வாங்காவிட்டாலோ அது கெட்ட முதலீடு என்பது அவர் சொன்னதன் பொருள். செயலியில் அந்த அச்சம் குறைவு. இலவசமாகப் பயன்படுத்தும் கூடுதல் ஒருவரால் உங்களுக்கு ஆகும் செலவு சில பைசாக்களாக இருக்கும். அவர் இன்றைக்குப் பணம் கட்டவில்லை என்றாலும் நீங்கள் காத்திருக்கலாம்.

ஆகவே உங்களுக்குக் கட்டிப்போடும் வேலை முதன்மை அல்ல. எல்லைக்கோடு எங்கே என்பதுதான் முதன்மை. ஜூம் செயலி இலவசக் கூட்டத்தை 40 நிமிடத்தில் நிறுத்துகிறது. உறவினர்களோடு பேசுபவர் திரும்ப அழைத்துக்கொள்வார். வகுப்பு எடுப்பவரும் அலுவலகக் கூட்டம் நடத்துபவரும்தான் அந்தக் கோட்டில் முட்டுவார்கள். பணம் கட்டக்கூடியவர்களும் அவர்களே. உங்கள் செயலியில் எந்த அளவைத் தாண்டும்போது ஒருவர் வீட்டுக் கணக்கை விட்டுக் கடைக் கணக்குக்கு வருகிறார் என்று பாருங்கள்.

5 ஜூன், காலை 9.30, கைபேசிநிரலர்

பற்றுச்சீட்டு எண்ணிக்கையில் கோடு போடலாம் என்று தோன்றுகிறது. வீட்டுக் கணக்கு எழுதுபவர் பற்றுச்சீட்டே போடமாட்டார். இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

5 ஜூன், மதியம் 12.20, பிழைதிருத்துநர்

பணி ஓய்வு பெற்று, வீட்டிலிருந்தே நூல்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். மாதம் பத்துப் பதினைந்து பக்கம் அச்சிட்டால் அதிகம். எனக்கு நேர்ந்தது மைத்துளி ஐயா சொன்னதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. நான் வாங்கும் கார்ட்ரிட்ஜில் பாதிப் பக்கம்கூட வருவதில்லை. கோடைவிடுமுறைக்கு மகள் வீட்டுக்குப் போய்த் திரும்பினால் எழுத்துகளின் நடுவே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. சுத்தம் செய்யச் சொன்னால் பிரிண்டர் கரகரவென்று ஏதோ செய்கிறது. மை அளவு காட்டும் பட்டை குறைகிறது. அச்சிடாமலே மை தீர்வதற்கும் நாம்தான் பணம் கொடுக்கிறோமா? 190 பக்கம் என்று உறையில் எழுதியிருப்பதை நம்பி வாங்குவது எப்படி?

5 ஜூன், இரவு 10.05, மைத்துளி

அம்மா, உறையில் உள்ள எண் பொய்யல்ல. ஆனால் அது உங்கள் வீட்டு நிலைமைக்கான எண் அல்ல. ஐ.எஸ்.ஓ. 24711 என்ற தரமுறைப்படி, வகுத்து வைத்த சில மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டுக்கொண்டே போய், மை தீரும்வரை எண்ணுகிறார்கள். நீங்கள் வாரம் ஒருமுறை பிரிண்டரை இயக்கும்போது, ஒவ்வொரு முறையும் அது மையைத் தெறிக்கவிடும் ஹெட்டைச் சுத்தம் செய்ய மையைக் கொஞ்சம் வெளியே தள்ளுகிறது. நூறு பக்கத்தை ஒரே மூச்சில் அடிப்பவருக்கு அந்தச் செலவு ஒருமுறை. நூறு பக்கத்தை ஒரு வருடத்தில் அடிப்பவருக்கு அது பலமுறை.

வெள்ளைக் கோடு விழுந்தவுடன் சுத்தம் செய்யும் கட்டளையைக் கொடுக்காதீர்கள். முதலில் 'நாசில் செக்' பக்கத்தை அச்சிடுங்கள். அதில் மெல்லிய படிக்கட்டுக் கோடுகள் வரும். ஓரிரு இடத்தில் மட்டும் கோடு அறுந்திருந்தால் அடைப்பு. ஒரு நிறம் முழுவதுமாக மங்கிக்கொண்டே போனால் மை தீர்கிறது. அடைப்பு என்றால் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டுச் சில மணி நேரம் விட்டுவிட்டு மறுபடி பாருங்கள். அடுத்தடுத்து நான்கைந்து முறை சுத்தம் செய்தால் கார்ட்ரிட்ஜின் கணிசமான பகுதி உள்ளே இருக்கும் பஞ்சில்தான் சேரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களைப் போன்றவர்களுக்குக் கார்ட்ரிட்ஜ் பிரிண்டரில் ஒரு நியாயமான ஆதாயமும் உண்டு. 1984இல் எச்.பி. கொண்டுவந்த திங்க்ஜெட் காலத்திலிருந்தே, மையைத் தெறிக்கவிடும் ஹெட்டை மைப்பெட்டியோடு சேர்த்துச் செய்யும் வழக்கம் ஒரு வகைப் பிரிண்டர்களில் இருக்கிறது. மை தீரும்போது ஹெட்டையும் எறிந்துவிட்டுப் புது ஹெட்டை மாட்டுகிறீர்கள். விலை அதிகம் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல. ஆனால் காய்ந்துபோன ஹெட்டுக்காக யாரிடமும் போக வேண்டியதில்லை. பாட்டிலிலிருந்து தொட்டியில் மை ஊற்றிக்கொள்ளும் இங்க் டேங்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றில் ஹெட் இயந்திரத்தோடு இருக்கும். அது அடைத்துக்கொண்டால் செலவு பெரிது.

6 ஜூன், காலை 8.15, தாலுகாசாலை

இங்க் டேங்க் என்ற பேச்சு வந்ததால் நேற்று இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். விசாரித்த கடையில் ஒரு டேங்க் பிரிண்டர் 12,000 ரூபாய். கறுப்பு மை பாட்டில் 350 ரூபாய், 4,500 பக்கம் வரும் என்று உறையில் இருக்கிறது. பக்கத்துக்கு எட்டுப் பைசாவுக்கும் குறைவு. என் கார்ட்ரிட்ஜில் பக்கத்துக்கு 4 ரூபாய் 47 பைசா. இயந்திர விலையில் வேறுபாடு 8,500 ரூபாய். பக்கத்துக்கு மிச்சமாகும் 4 ரூபாய் 39 பைசாவால் வகுத்தால் 1,936 பக்கம்; வட்டமாக இரண்டாயிரம் என்று வைத்துக்கொள்கிறேன்.

என் கடையில் நாளுக்கு இருபத்தைந்து பக்கம் ஓடுகிறது. எண்பது வேலைநாளில் அதிக விலை திரும்பிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் மிச்சம். பிழைதிருத்துநர் அம்மாவுக்கு மாதம் பதினைந்து பக்கம் என்றால் பத்து வருடத்துக்கு மேலாகும். அதற்குள் இயந்திரமே மாறிவிடும். ஒரே விலைப்பட்டியலில் நான் ஏமாளி, அவர் ஏமாளி அல்ல என்று தோன்றுகிறது. மலிவு பிரிண்டரை நம்மைப் போன்ற கடைக்காரர்களை மனத்தில் வைத்து விலை போட்டிருக்கிறார்களா?

6 ஜூன், காலை 11.00, பிழைதிருத்துநர்

எனக்குப் பாதிப் பக்கம்தான் வருகிறது என்று மேலே எழுதியிருந்தேன். ஆகவே எனக்குப் பக்கத்துக்கு ஒன்பது ரூபாய். உங்கள் வகுத்தலில் அதை வைத்துப் பார்த்தால் எனக்கு ஐந்து வருடத்துக்குச் சற்று மேல் என்று வருகிறது. அப்படியும் எனக்கு டேங்க் பிரிண்டர் வேண்டாம் என்றுதான் படுகிறது. அதைவிட உங்களைப் போன்ற ஒரு கடைக்கு மாதம் ஒருமுறை நடந்துபோய் 150 ரூபாய் கொடுப்பது எனக்கு மலிவு.

6 ஜூன், பிற்பகல் 2.40, மைத்துளி

அம்மா சொன்ன வழி சரியான வழி. இந்த விலைமுறையில் நிறுவனத்துக்கு மிகவும் பிடிக்காதவர் அவர்தான்: மலிவு பிரிண்டரை வாங்கிவிட்டு அச்சிடாதவர்.

கடைக்காரரின் கேள்விக்கு வருகிறேன். விலைப்பட்டியல் கடைக்காரரை மனத்தில் வைத்துப் போடப்படுவதில்லை. கணக்குப் போடாமல் வாங்குபவரை மனத்தில் வைத்துப் போடப்படுகிறது. இதற்கு ஒரு பெரிய சோதனை வெளிநாட்டில் நடந்தது. 2007இல் கோடாக் நிறுவனம் வீட்டுப் பிரிண்டர் சந்தைக்குள் வந்தது. அப்போது தலைமையில் இருந்த அன்டோனியோ பெரெஸ் முன்பு எச்.பி.யின் பிரிண்டர் பிரிவில் இருந்தவர். ஆகவே எங்கே இலாபம் வைக்கப்படுகிறது என்பது அவருக்கு உள்ளங்கை நெல்லிக்கனி. அவர் விலையைத் தலைகீழாக வைத்தார். பிரிண்டர் 149 டாலரிலிருந்து தொடங்கியது. போட்டியாளர்களின் மலிவு மாடல்களைவிட அது அதிகம். ஆனால் கறுப்பு மை பத்து டாலருக்கும், வண்ண மை பதினைந்து டாலருக்கும் விற்றது. ஹெட்டை இயந்திரத்தில் வைத்து, மைப்பெட்டியை வெறும் பெட்டியாகச் செய்ததால் அந்த விலை சாத்தியமானது. 'மைக்கு நீங்கள் அதிகம் கொடுக்கிறீர்கள்' என்று விளம்பரத்திலும் உடைத்துச் சொன்னார்கள்.

2012இல் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. அதே ஆண்டு வீட்டுப் பிரிண்டர் விற்பனையை விட்டு விலகுவதாக அறிவித்தது. வாங்குபவருக்கு நியாயமான கணக்கு, வாங்குபவராலேயே ஏற்கப்படவில்லை. கடை அலமாரியில் இரண்டு பிரிண்டர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது கண்ணில் படுவது இயந்திரத்தின் விலைச்சீட்டு மட்டும்தான்.

6 ஜூன், மாலை 7.25, வணிகவியல்ஆசிரியர்

கோடாக்கின் தோல்வியை அந்த ஒரே காரணத்தில் அடைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஃபிலிம் விற்பனை சரிந்து, அந்த நிறுவனத்தின் கையில் பணமே இல்லாத காலம் அது. மக்கள் புகைப்படத்தை அச்சிடாமல் கைபேசியிலேயே பார்க்கத் தொடங்கிய காலமும் அதுவே. இத்தகைய விலைமுறையில் முதல் சில ஆண்டுகள் விற்பனை வலை விரிக்கப் பணம் வேண்டும். வலிமையான நிறுவனம் ஒன்று அதே விலையைப் பத்து ஆண்டு பிடித்து நின்றிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

மேலும், வாங்குபவருக்குக் கணக்குத் தெரியாது என்றால் இன்று நம் ஊர்க் கடைகளில் பன்னிரண்டாயிரம் ரூபாய் டேங்க் பிரிண்டர் எப்படி விற்கிறது? அதுவும் கோடாக் செய்ததைப் போன்ற தலைகீழ் விலைதானே?

7 ஜூன், காலை 7.05, மைத்துளி

ஆசிரியர் ஐயாவின் முதற்பத்தியை மறுக்க மாட்டேன். பணமில்லாமல் போனதால் தோற்றதா, முறை பிழையானதால் தோற்றதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் விடை உண்டு. நான் கைப்பட வேலை செய்த இடம் அது. டேங்க் பிரிண்டரை எந்த நிறுவனமும் தானாக நினைத்துக் கொண்டுவரவில்லை. அதற்கு முன்பே கடைக்காரர்கள் கார்ட்ரிட்ஜின் மேல்மூடியைத் துளைத்து, மெல்லிய ரப்பர் குழாய்கள் செருகி, பக்கத்தில் நான்கு மைப் புட்டிகளை வரிசையாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய் எங்காவது மடங்கினால் காற்றுக் குமிழி ஏறும், நடுப் பக்கத்தில் நீலம் காணாமல் போகும். ஊசியால் காற்றை உறிஞ்சி எடுத்து மறுபடி ஓட்டுவது எனக்கு அன்றாட வேலையாக இருந்தது. இதே பழக்கம் இந்தோனேசியாவில் மிகப் பெரிய அளவில் இருந்தது. எப்சன் நிறுவனத்தின் பிரிண்டரை மலிவாக வாங்கி, வெளித்தொட்டி மாட்டி, யாரோ செய்த மையை ஊற்றினார்கள். கைப்பிடியை எப்சன் நட்டத்தில் விற்றது, பிளேடை ஊரார் விற்றார்கள். அந்த ஊரில் எப்சனுக்கு இரண்டே வழி இருந்தது: பூட்டை இறுக்குவது, அல்லது இலாபத்தை இயந்திரத்துக்குள் எடுத்துவருவது. 2010இல் இந்தோனேசியாவில் டேங்க் பொருத்திய பிரிண்டரை அதுவே விற்கத் தொடங்கியது. பிறகு இந்தியா உள்ளிட்ட பிற சந்தைகளுக்கும் வந்தது, மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

ஆகவே அமெரிக்க வீட்டுக்காரரிடம் கோடாக் கணக்கைக் கற்பிக்க வேண்டியிருந்தது. இந்தோனேசியக் கடைக்காரரிடம் எப்சன் எதையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் ஏற்கெனவே கணக்குப் போட்டு, குழாயும் மாட்டி, குமிழியோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்கு விற்கப்பட்டது மலிவு மை அல்ல. குமிழி வராத, உத்தரவாதம் உள்ள இயந்திரம்.

7 ஜூன், காலை 10.30, தாலுகாசாலை

பூட்டை இறுக்குவது என்று எழுதினீர்களே, அதில் சட்டம் என்ன சொல்கிறது? நான் பணம் கொடுத்து வாங்கிய பிரிண்டரில் எந்த மையை ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்ய நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறதா? என்னிடம் வந்து போகும் ஒருவர் ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜைப் பல மாதம் பயன்படுத்திவிட்டு, ஒரு நாள் காலையில் பிரிண்டர் அதை ஏற்க மறுத்ததாகச் சொன்னார். அவர் எதையும் மாற்றவில்லை.

7 ஜூன், இரவு 9.50, மைத்துளி

நம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி நான் பேச மாட்டேன். அமெரிக்காவில் நடந்த இரண்டு வழக்குகள் எனக்குத் தெரியும். இரண்டிலும் லெக்ஸ்மார்க் என்ற பிரிண்டர் நிறுவனம் இருக்கிறது. லேசர் பிரிண்டரின் டோனர் கார்ட்ரிட்ஜைத் தள்ளுபடி விலையில் விற்று, தீர்ந்த பிறகு அதைத் தங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். வேறு யாரும் நிரப்பிவிடாமல் இருக்கச் சிப் வைத்தார்கள். ஸ்டாடிக் கன்ட்ரோல் என்ற நிறுவனம் அந்தச் சிப்புக்கு மாற்றுச் சிப் செய்து விற்றது. மின்னணுப் பூட்டை உடைப்பதைத் தடுக்கும் பதிப்புரிமைச் சட்டத்தைக் காட்டி லெக்ஸ்மார்க் 2002இல் வழக்குப் போட்டு, முதலில் தடையும் வாங்கியது. 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. பிறகு காப்புரிமை வழியாக வந்தார்கள். 2017 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒரு பொருளை விற்றவுடன் அதன் மீதான காப்புரிமை தீர்ந்துவிடுகிறது, என்ன நிபந்தனை போட்டு விற்றாலும் சரி என்று இம்ப்ரஷன் புராடக்ட்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

ஆனால் இந்தத் தீர்ப்புகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். மறுநிரப்பு செய்பவர் மீது வழக்குப் போட முடியாது என்றுதான் அவை சொல்கின்றன. அவருடைய கார்ட்ரிட்ஜைப் பிரிண்டர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. எனவே சண்டை நீதிமன்றத்தோடு நிற்கவில்லை, மென்பொருளிலும் நடக்கிறது. இரண்டாவது தீர்ப்பு வருவதற்கு முன்பே, 2016 செப்டம்பர் 13 அன்று எச்.பி.யின் சில ஆஃபீஸ்ஜெட் பிரிண்டர்கள், அதுவரை ஓடிக்கொண்டிருந்த பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜுகளை உலகெங்கும் ஒரே நாளில் மறுத்தன. முன்பே வந்திருந்த ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் அந்தத் தேதி வைக்கப்பட்டிருந்தது. கண்டனம் எழுந்த பிறகு, அந்தத் தடை இல்லாத மென்பொருளை விரும்புபவர்கள் இறக்கிக்கொள்ளலாம் என்று நிறுவனம் அறிவித்தது.

உங்களிடம் வருபவரின் பிரிண்டர் எது என்று எனக்குத் தெரியாது. அது வைஃபையில் இணைந்திருந்ததா, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அமைப்பு இயக்கத்தில் இருந்ததா என்று கேளுங்கள். கார்ட்ரிட்ஜின் செப்புப் பட்டைகளில் மை படிந்தாலும் இதே மறுப்பு வரும். பஞ்சில்லாத மெல்லிய துணியை நனைத்து ஒற்றித் துடைத்து மாட்டிப் பார்த்த பிறகுதான் மென்பொருள் மீது பழி போட வேண்டும்.

8 ஜூன், காலை 9.10, பிழைதிருத்துநர்

பூட்டு வைப்பது தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தப் பூட்டு இல்லாவிட்டால் 3,500 ரூபாய்க்குப் பிரிண்டர் கிடைக்காது என்பதும் இந்த இழையைப் படிக்கும்போது தெரிகிறது. அந்த விலையில் கிடைத்ததால்தான் பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கென்று ஒன்று வாங்க முடிந்தது. கடைக்காரர் தம்பி போன்றவர்கள் மைக்குக் கொடுத்த பணத்தில்தான் என் பிரிண்டருக்கு விலை குறைந்திருக்கிறது என்றால், எதை நியாயம் என்பது?

8 ஜூன், பிற்பகல் 1.35, வணிகவியல்ஆசிரியர்

அம்மா கேட்பது விலைப் பாகுபாட்டின் கேள்வி. அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் கொடுக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. மறுப்பு எங்கே என்றால், வாங்கும் நேரத்தில் அது சொல்லப்படுவதில்லை என்பதில்தான். பெட்டியின் முகப்பில் இயந்திர விலைக்குப் பக்கத்திலேயே பக்கத்துக்கு எவ்வளவு என்று அதே அளவு எழுத்தில் அச்சிட வேண்டும் என்று விதி வந்தால், மலிவு பிரிண்டரும் இருக்கும், கடைக்காரரும் ஏமாற மாட்டார். குளிர்சாதனப் பெட்டியில் மின்சாரச் செலவுக்கு நட்சத்திரம் ஒட்டுகிறார்களே.

8 ஜூன், மாலை 5.20, மைத்துளி

அந்த விதி வந்தால் நான் மகிழ்வேன். ஆனால் பக்கத்துக்கு எவ்வளவு என்பது தொடர்ச்சியாக ஓட்டிய எண்ணாகத்தான் இருக்கும். அம்மாவின் ஒன்பது ரூபாயை அது காட்டாது.

9 ஜூன், காலை 10.15, தாலுகாசாலை

டேங்க் பிரிண்டர் வாங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். புதிதாக 12,000 கொடுப்பதா, அல்லது பக்கத்துத் தெருவில் கடையை மூடுபவரிடம் 5,000க்கு வரும் பழைய டேங்க் பிரிண்டரை எடுப்பதா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி. பழையது என்றால் அதிக விலை 1,500 மட்டுமே; என் இரண்டாயிரம் பக்கக் கணக்கு ஏறத்தாழ முந்நூற்று நாற்பது பக்கமாகக் குறைந்துவிடும். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

9 ஜூன், மதியம் 12.50, மைத்துளி

உங்கள் கணக்கு சரி.

மூன்றைப் பாருங்கள். நாசில் செக் பக்கத்தை உங்கள் கண்முன்னே அடிக்கச் சொல்லுங்கள். கோடு அறுந்திருந்தால் ஒருமுறை சுத்தம் செய்து மறுபடி அடிக்கச் சொல்லுங்கள். அறுந்த இடம் மாறினால் காற்று, அதே இடத்தில் நின்றால் அடைப்பு. அடைப்பென்றால் வேண்டாம். அடுத்து, தொட்டியில் இருப்பது எந்த மை, பாட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். மலிவு மை ஊற்றி ஓட்டிய ஹெட் பிறகு நல்ல மைக்குத் திரும்பினாலும் அடைப்பு தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் பலர் மறப்பது. சுத்தம் செய்யும்போது வெளியேறும் மையெல்லாம் அடியில் உள்ள பஞ்சில் சேர்கிறது. பிரிண்டர் அதை எண்ணிக்கொண்டே வருகிறது. எண்ணிக்கை எல்லையைத் தொட்டவுடன் இரண்டு விளக்குகளும் மாறிமாறி எரிய, இயந்திரம் நின்றுவிடும். கடையை மூடுபவர் விற்பதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். பஞ்சை மாற்றாமல் மென்பொருள் வழியாக எண்ணிக்கையை மட்டும் பூச்சியமாக்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பிரிண்டரை லேசாகச் சாய்த்து அடியில் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், கறை விழுந்தால் அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

9 ஜூன், இரவு 8.30, தாலுகாசாலை

தாளை வைத்துப் பார்த்தேன். ஓரத்தில் கருநீலமாகக் கசிந்தது. பஞ்சை மாற்றித் தந்தால் 5,000, இல்லையென்றால் 4,000 என்று கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்வதாகச் சொன்னார்.